நித்யா டீச்சரின் இரவுக் கட்டணம்

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனிக் கேண்டீனில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சுடலைவடிவுக்கு அந்த முதல் போன் வந்தது. தெரியாத நம்பர். பேங்கிலிருந்தாக இருக்கும் என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"நித்யாவா?"

ஆண் குரல். பின்னால் யாரோ சிரித்தது கேட்டது.

"நித்யா இல்லய்யா, நான் அவ அம்மா. நீங்க யாரு?"

"அம்மாவா! அப்போ உங்ககிட்டயே கேக்கலாம். ரேட்டு கார்டு பாத்தேன். ராத்திரிக்கு ஒன்றர மடங்குன்னு போட்டிருக்கு. உள்ளூர்க்காரனுக்கும் அதே ரேட்டுதானா?"

வடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் அவன் நித்யா என்று பெயரைச் சொல்லிக் கேட்டானே? அடுத்த கூடை காய்க்குக் கை போகுமுன்னே இன்னொரு போன். அதற்கடுத்து இன்னொன்று. ஒருத்தன் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டான். ஒருத்தன் வெகு மரியாதையாக, "முதல் தடவ அரை மணி நேரம் கம்மி ரேட்டுன்னு போட்டிருக்கே, அதுக்கு எப்படி வரணும்?" என்று கேட்டான். அந்த மரியாதைதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

சாயங்காலம் ஷிப்ட் பஸ்ஸில் வீடு திரும்பும்போது போனைச் சத்தமில்லாமல் வைத்து முந்தானைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அது உள்ளங்கைக்குள் துடித்துக்கொண்டே வந்தது.

அந்தப் போன்கள் வந்த நம்பர் வடிவுடையது அல்ல. மகள் நித்யாவுடையது. நித்யா கல்யாணம் முடிந்து, நர்ஸ் வேலை பார்க்கும் புருஷன் செந்தில்முருகனோடு இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊருக்குப் போனபோது, இந்த ஊர் சிம்மை அம்மாவின் போனில் போட்டுவிட்டுப் போனாள். பேங்கிலிருந்து ரகசிய எண் வந்தால் வடிவு வாசித்துச் சொல்வாள். அதே நம்பரில் வாட்ஸப் மட்டும் நித்யாவிடம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மெசேஜ் போட்டால் லீட்ஸுக்குப் போகும். கூப்பிட்டால் தாழையூத்தில் வடிவின் அடுப்படியில் மணி அடிக்கும்.

வடிவின் புருஷன் நெஞ்சுவலியில் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் இருக்கும்போதே அவள் கேண்டீன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். முதலில் பாத்திரம் கழுவினாள், பிறகு காய் நறுக்கினாள், இப்போது ஐந்நூறு பேருக்கு சாம்பார் கூட்டுகிறவள் அவள்தான். அந்தச் சம்பளத்தில்தான் நித்யா தமிழ் எம்.ஏ. படித்தாள், பி.எட். முடித்தாள். "தமிழ் படிச்சு என்னத்தப் பண்ணப் போறா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். லீட்ஸில் போய் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வழியாக ஆஸ்திரேலியாப் பிள்ளைக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கும் அமெரிக்கப் பிள்ளைக்கும் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிறாள் என்று தெரிந்தபோது அதே சொந்தக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் ஆத்தாவோடும் அப்பாவோடும் பேசத் தெரியாத பிள்ளைகள். வடிவுக்கு அதில் தெரிந்தது அவ்வளவுதான். மகள் டீச்சர். அது போதும் என்றிருந்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த பிறகு, டோக்கன் கவுண்டரில் இருக்கும் அஸ்ஃபியா வந்து கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப்போனாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"யக்கா, தப்பா நெனைக்காதிய. எங்க அண்ணன் குரூப்புல இது வந்துச்சு. நீங்க கல்யாண போட்டோ காட்டினிய இல்லா, அதான் எனக்கு மொகம் அடையாளம் தெரிஞ்சுது."

போனில் நித்யா சிரித்துக்கொண்டிருந்தாள். மாம்பழ நிறச் சுடிதார், காதில் வடிவு வாங்கிக் கொடுத்த ஜிமிக்கி. படத்துக்குப் பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தது. தனியாக ஒருவர், ஒரு மணி நேரம், இவ்வளவு. இருவர் சேர்ந்தால் இவ்வளவு. முதல் முறை, அரை மணி நேரம், குறைந்த கட்டணம். இரவு நேரம் ஒன்றரை மடங்கு. வீடியோவில் மட்டும். கீழே நம்பர். அதற்கு மேலே யாரோ சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தான்: "நெல்லைப் பொண்ணு நித்யா. நைட் ரேட் தனி."

வடிவு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கும் நான் காட்டலக்கா," என்றாள் அஸ்ஃபியா. "ஆனா நெறைய பேருக்குப் போயிருக்கும்."

அதற்குப் பிறகு வடிவுக்கு வந்த பயம், வெளியிலிருந்து வந்த பயம் அல்ல. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாம்பார் அண்டாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நினைப்பு உள்ளே வந்து உட்கார்ந்தது. ஒருவேளை நிஜமாக இருந்தால்?

எத்தனை தடவை வீடியோவில் பேசும்போது அவள் கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது! ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "ராத்திரி கிளாஸ்மா, தூக்கமில்ல" என்பாள். நடு ராத்திரியில் எந்தப் பிள்ளை படிக்கும்? எந்த அப்பன் ஆத்தாள் அந்நேரம் பிள்ளையை எழுப்பி ஆனா ஆவன்னா படிக்க வைப்பார்கள்? மருமகன் பாதி நாள் ராத்திரி டூட்டி. வீட்டில் அவள் தனியாகத்தான் இருப்பாள். இங்கே வீட்டுக்கு மேல்தளம் போட்ட பணம், வடிவின் முட்டிக்கு ஊசி போட்ட பணம், எல்லாம் அந்த ராத்திரிகளில் வந்ததுதானே?

சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் நினைப்பு எழுந்து போகவில்லை. மகளுக்குப் போன் போட எடுத்தாள். கேட்டால் என்ன சொல்லுவாளோ என்ற பயத்தில் கீழே வைத்தாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பையன்கள். ஒருவன் இறங்காமல் காலை ஊன்றி நின்றான். மற்றவன் கேட் கம்பியில் கை வைத்து உள்ளே பார்த்தான்.

"நித்யா வீடு இதானே?"

வடிவு வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள், வாளியை அப்படியே விட்டாள். "இல்ல. அவ இங்கன இல்ல. வெளிநாட்டுல இருக்கா."

"வெளிநாட்டுலயா? நம்பர் இந்த ஊர் நம்பரா இருக்கு?" என்று அவன் பைக்கில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். "சரி, வீடு தெரிஞ்சாச்சுலே. பொறவு வருவோம்."

பொறவு வருவோம். பைக் போன பின்னும் அந்த வார்த்தை கேட்டுக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவர்களுக்கும் படம் வந்திருக்குமோ? வடிவு உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள், ஜன்னலை அடைத்தாள், கொல்லைக் கதவுக்கு முன்னால் கிரைண்டரை இழுத்துப் போட்டாள். இருட்டிய பிறகும் லைட் போடவில்லை. பூட்டிய வீட்டுக்குள், சொந்த வீட்டுக்குள், திருடியைப்போல உட்கார்ந்திருந்தாள்.

சாலோமிக்குத்தான் போன் போட்டாள். சாலோமி கேண்டீன் சூப்பர்வைசர். பாளையங்கோட்டைக்காரி, யாருக்கும் பயப்படாதவள், சத்தமாகப் பேசுகிறவள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உடனே வந்தாள். வந்தவள் லைட்டைப் போட்டாள், காப்பி போட்டாள், முழுக் கதையையும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"நித்யாகிட்ட சொன்னியளா வடிவக்கா?"

இல்லை என்று வடிவு தலையாட்டினாள்.

"ஏன்?"

வடிவு காப்பி டம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். சாலோமி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள் போல. வடிவின் போனை எடுத்து, நித்யாவின் இங்கிலாந்து நம்பருக்கு வீடியோ போட்டு அவள் கையில் கொடுத்தாள்.

அங்கே மதியம். நித்யாவுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், அதில் உயிர்மெய் எழுத்து அட்டை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

"யம்மா, உனக்கும் போன் வருதா?"

"உனக்கும்னா? ஏட்டி, உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு நாளா எனக்கு வாட்ஸப்புல வந்துட்டே இருக்கும்மா. என்னென்னமோ படமெல்லாம் அனுப்புதானுவ. நீ பயந்துருவியேன்னுதான் சொல்லல. உன்கிட்ட சிம் இருக்கதே எனக்கு இப்பதான் ஞாபகம் வருது." நித்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இவரு ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து உறங்குதாரு. அவர்கிட்டயும் சொல்லல. கதவப் பூட்டிட்டு உக்காந்திருக்கேன். இங்க எவனும் வரமாட்டான்னு தெரியுது, ஆனாலும் பூட்டிட்டுத்தான் இருக்கேன்."

ஆக, இங்கேயும் அங்கேயும், ஒருத்திக்கொருத்தி தெரியாமல், இரண்டு பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வடிவுக்குக் கேட்க நினைத்ததை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "ராத்திரி ரேட்டுன்னு போட்டிருக்கே... அது என்னதுட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

நித்யா அம்மாவை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அந்த ஒரு கணம் வடிவுக்குச் செத்துப் பிழைத்த மாதிரி இருந்தது. பிறகு நித்யா கோபப்படாமல், கிளாஸில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலப் பையச் சொன்னாள்.

"முழுக் கார்டும் அனுப்புதேன், பாரு."

வந்தது. மேலே பெரிய எழுத்தில் "தமிழ் பேச, எழுத, படிக்க: நித்யா டீச்சர்" என்று இருந்தது. அதன் கீழே பென்சில் பிடித்த ஒரு கை. கடைசியில், ஒரு நாள் முன்னதாகச் சொல்லாமல் வகுப்பை ரத்துசெய்தால் முழுக் கட்டணம், பத்து வகுப்புக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றெல்லாம் இருந்தது. இருவர் என்பது அண்ணன் தங்கை சேர்ந்து படித்தால். முதல் முறை என்பது, பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கிற அரை மணி நேரம். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் வெட்டிவிட்டு, நடுவில் இருந்ததை மட்டும் எவனோ எடுத்திருந்தான்.

"சிங்கப்பூர்ப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் படிக்க உக்காந்தா இங்க எனக்குக் காலைல பத்து மணி. தொந்தரவு இல்ல. மெல்போர்ன்ல ஆறுன்னா இங்க காலைல ஏழு. சரி, எந்திருச்சிரலாம். ஆனா கலிபோர்னியாவுல சாயங்காலம் ஆறு மணின்னா இங்க நடுச்சாமம் ரெண்டு மணிம்மா. அந்தப் பிள்ளைக்குச் சாயங்காலம். எனக்குத்தான் ராத்திரி. ஒரு வருஷமா எல்லாருக்கும் ஒரே ரேட்டுன்னுதான் எடுத்தேன். உடம்பு முடியல. அதான் இந்த ஜனவரில புதுக் கார்டு போட்டேன். என் நேரத்துக்கு ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் தொடங்குத கிளாஸுக்கு ஒன்றர மடங்கு. வேண்டாம்னா சனி ஞாயிறு அவங்க காலைல ஒன்பது மணிக்கு வைங்க, எனக்கு சாயங்காலம் அஞ்சு, பழைய ரேட்டுதான்னும் அதுலயே போட்டிருக்கேன்."

வடிவு சேலையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்காக அழுகிறாள் என்று நித்யா கேட்கவில்லை. கேட்காததற்காக வடிவு அவளுக்குக் கடன்பட்டிருந்தாள்.

சாலோமிதான் குறுக்கே புகுந்தாள். "எவன் வெட்டினான்னு கண்டுபிடிக்க முடியாதா பிள்ள?"

நித்யா படத்தை மறுபடி திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்தாள். "ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியா கார்டு போட்டேன் அக்கா. என் ராத்திரி பத்து ஆறுன்னு போட்டா அவங்களுக்கு விளங்காதுல்லா? அதனால அவங்கவங்க ஊர் நேரத்துக்கு மாத்தி எழுதினேன். இதுல பாருங்க, இரவு வரிக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கு. 'உங்கள் நேரம்: மதியம் 2 முதல் இரவு 10 வரை.' இது கலிபோர்னியாக் கார்டு. அத ரெண்டே ரெண்டு குடும்பத்துக்குத்தான் அனுப்பினேன். ஒண்ணு யாழ்ப்பாணத்துக்காரங்க. இன்னொண்ணு..."

இன்னொன்று ஹம்ஸினியின் அப்பா, சாய்கிருஷ்ணன். நம் கல்லிடைக்குறிச்சிக்காரர். எட்டு வயதுப் பிள்ளை ஹம்ஸினி ஒரு வருஷமாக நித்யாவிடம் படிக்கிறாள். புதுக் கார்டு போனதும் சாய்கிருஷ்ணன் நீளமாக எழுதினாராம்: எங்களுக்கு அது சாயங்காலம், நாங்கள் ஏன் ராத்திரிக்குக் கொடுக்க வேண்டும், வார இறுதியில் பிள்ளைக்கு நீச்சல் இருக்கிறது, பழைய ரேட்டிலேயே எடுங்கள் என்று. நித்யா முடியாது என்று மரியாதையாகவே பதில் எழுதியிருந்தாள். அதோடு பேச்சும் வகுப்பும் நின்றுபோயிருந்தன.

"அவங்க தாத்தா வீடு கல்லிடைக்குறிச்சில சன்னதித் தெருவுல. தாத்தா ரிடையர்டு ஹெட்மாஸ்டர். 'என் தாத்தா வீடு'ன்னு ஒரு பாடம் எழுதச் சொன்னப்போ அந்தப் பிள்ளை எழுதியிருந்தா," என்றாள் நித்யா.

அன்று சாலோமி வடிவின் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் இருவரும் திருநெல்வேலியில் சைபர் கிரைம் போலீசுக்குப் போனார்கள். வடிவு வாழ்க்கையில் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எழுதிக்கொடுக்கும்போது மகளின் பெயரையே தப்பாக எழுதினாள். அங்கே இருந்த பெண் எஸ்.ஐ. இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "எதையும் அழிக்காதீங்கம்மா. வந்த நம்பர் எல்லாம் இருக்கட்டும். பைக்ல வந்தவனுங்க திரும்ப வந்தா உடனே கூப்பிடுங்க" என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். லீட்ஸிலிருந்து நித்யாவும் ஆன்லைனில் புகார் பதிந்தாள்.

போலீஸ் அதன் வேகத்தில் போகட்டும், நாம் கல்லிடைக்குறிச்சிக்கே போய்ப் பார்த்துவிடுவோம் என்றாள் சாலோமி. வடிவுக்கு அங்கே போக போலீசைவிடப் பயமாக இருந்தது. படித்த குடும்பம், அக்ரகாரம், ஹெட்மாஸ்டர். "நம்மள வாசல்ல வச்சே திட்டி அனுப்பிட்டா?" என்றாள். "திட்டட்டும், நமக்கும் வாய் இருக்கு" என்றாள் சாலோமி.

அடுத்த நாள் காலை பஸ் ஏறினார்கள். சேரன்மகாதேவியைத் தாண்டும்வரை வடிவு அங்கே பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரன் போனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்குத் திக்கென்றது. அவனிடமும் இருக்குமோ?

ஹம்ஸினியின் தாத்தா சாம்பசிவத்தின் வீட்டில் அவரும் அவர் மனைவி ராஜாம்பாளும் மட்டும்தான். ஹம்ஸினியின் டீச்சரோட அம்மா என்றதும் ராஜாம்பாளுக்கு முகம் மலர்ந்தது. "வாங்கோ, வாங்கோ. கொழந்தை இப்பல்லாம் என்னண்ட தமிழ்லதான் பேசறா. உங்க பொண்ணு புண்ணியம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. போனை மட்டும் நீட்டினாள்.

சாலோமி சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல சாம்பசிவத்தின் முகம் கடுத்தது.

"எம்புள்ளை இப்படிப் பண்ணமாட்டான். யாரோ பண்ணினதுக்கு இங்க வந்து நிக்கறேளே. என்ன ஆதாரம்?"

"இந்தப் பொடி எழுத்துதான் சார் ஆதாரம். இந்தக் கார்டு ரெண்டு வீட்டுக்குத்தான் போயிருக்கு."

"அதென்ன ராத்திரிக்குத் தனிக் கட்டணம்? அவாளுக்கு அது சாயங்காலம்தானே? அவன் கேட்டதுல என்ன தப்பு?"

"கேட்டது தப்பில்ல சார். அதை வெட்டி ஊருக்கு அனுப்பினதுதான்..."

"நீங்க சித்த சும்மா இருங்கோ," என்றாள் ராஜாம்பாள் கணவனைப் பார்த்து. படத்தின் மேலிருந்த சிவப்பு எழுத்தை அவள் அப்போதுதான் வாசித்து முடித்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "அவனுக்குப் போன் போடுங்கோ. அங்க இப்போ ராத்திரி எட்டரைதான் ஆயிருக்கும். முழிச்சிண்டுதான் இருப்பான்."

சாய்கிருஷ்ணன் போனை எடுத்தார். சிரித்த முகமாக எடுத்தவர், அப்பாவுக்குப் பக்கத்தில் தெரியாத இரண்டு பெண்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டார். முதலில் தனக்குத் தெரியாது என்றார். பிறகு, காலேஜ் பிரெண்ட்ஸ் குரூப்பில் மட்டும் போட்டேன் என்றார். முழுக் கார்டைத்தான் போட்டாராம். 'நம்மூர் டீச்சர் நைட் ரேட் கேட்கிறார்' என்று ஒரு கிண்டல், அவ்வளவுதானாம். வெட்டியது யாரென்று தெரியாதாம்.

"ஜோக்குக்குத்தான்மா போட்டேன். இவ்வளவு தூரம் போகும்னு..."

"ஜோக்கா?" ராஜாம்பாளின் குரல் உயரவில்லை. "இவா வீட்டு வாசல்ல பசங்க வந்து நின்னிருக்காடா. இவா ஒண்டியா இருக்கறவா. நீ அங்க ஏசில உக்காந்துண்டு ஜோக் அடிச்சே. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உம்பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்தவடா அவ!"

அப்போது போனுக்குள் ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. பைஜாமா போட்டு, தலை கலைந்து, தூங்கப் போகிற கோலத்தில் ஒரு குழந்தை.

"பாட்டி, யாரு வந்திருக்காங்க?"

"உன் டீச்சரோட அம்மாடி கண்ணு."

குழந்தை போனை நெருங்கி, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைப்பதுபோலச் சொன்னது. "வணக்கம். நித்யா டீச்சர் ஏன் வரலை? நான் ழகரம் சரியா சொல்றேன் இப்போ. மழை. கிழவி. வாழைப்பழம்."

வடிவு இரண்டு கையையும் கூப்பினாள், அவ்வளவுதான். சாய்கிருஷ்ணன் மகளை விலக்கிவிட்டுத் திரையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் மேற்கூரை மட்டும் தெரிந்தது. திரும்ப முகம் வந்தபோது, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். சாம்பசிவம் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் திரும்ப வெளியே வரவே இல்லை.

வடிவும் சாலோமியும் ஊருக்குத் திரும்புவதற்குள்ளாகவே சாய்கிருஷ்ணன் தன் குரூப்பில் முழுக் கார்டையும் போட்டு, தன் பெயரைச் சொல்லி, இது என் மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், நான் செய்தது தப்பு, படத்தை எல்லோரும் அழியுங்கள், யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கும் சொல்லுங்கள் என்று பேசி அனுப்பியிருந்தார். அதை நித்யாவுக்கும் அனுப்பினார். குரூப்பில் விசாரித்து, வெட்டியவனின் பெயரையும் சொல்லிவிட்டார். சென்னையில் வேலை பார்க்கும் ஒருத்தன். போலீஸ் அவனைக் கூப்பிட்டு விசாரித்தது. பைக்கில் வந்த பையன்கள் பக்கத்துத் தெருதான் என்று தெரிந்தது. எஸ்.ஐ. அவர்களின் அப்பாமார்களையும் வரவழைத்துப் பேசினாள். அதில் ஒரு அப்பா வடிவின் வாசலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வடிவு அவரை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

மருமகனிடம் சொல்வதுதான் மிச்சம் இருந்தது. அதற்குத்தான் வடிவு ரொம்பப் பயந்தாள். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் ஆம்பிளை, ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டியவன். நித்யா சொன்ன அன்று செந்தில்முருகனே மாமியாருக்குப் போன் போட்டான்.

"அத்த, நீங்க சாப்பிட்டியளா மொதல்ல?"

வடிவு விக்கினாள்.

"எனக்குக் கோவந்தான் அத்த. ஆனா அவமேல இல்ல. நானும் ராத்திரி டூட்டி பாக்குதேன், எங்க ஆஸ்பத்திரில அதுக்குத் தனியாத்தான் காசு தாரான். எவனும் அத வச்சுச் சிரிக்கலியே. அவ செஞ்சா மட்டும் சிரிக்கானுவ."

"ராத்திரிக் கிளாஸ விட்டுரச் சொல்லுங்க மாப்பிள," என்றாள் வடிவு. "இல்லைன்னா அந்த ராத்திரிங்கிற வார்த்தையாச்சும் எடுத்துரட்டும். எனக்குப் பயமா இருக்கு."

"அவகிட்ட சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்கா."

நித்யா கேட்கவில்லைதான். கார்டிலிருந்து தன் படத்தை எடுத்தாள். இந்திய நம்பரை எடுத்துவிட்டு லீட்ஸ் நம்பரைப் போட்டாள். 'தமிழ் வகுப்பு' என்ற வார்த்தையை ஒவ்வொரு வரியிலும் எழுதினாள்; இனி எங்கே வெட்டினாலும் அந்த வார்த்தை இல்லாமல் வெட்ட முடியாது. ஆனால் இரவுக் கட்டணம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. "வார்த்தைய மாத்தினா நாந்தான் தப்பு பண்ணின மாதிரி ஆயிரும்மா" என்றாள்.

சாய்கிருஷ்ணன் இரவுக் கட்டணத்தையே தருகிறேன், பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை எழுதினார். ராஜாம்பாளும் வடிவுக்குப் போன் செய்து தயங்கித் தயங்கிக் கேட்டாள். வடிவுக்கு அந்தப் பிள்ளையின் முகம் கண்ணிலேயே நின்றது. மகளிடம் சொன்னாள்.

"பிள்ள என்ன பாவம் பண்ணுச்சுட்டி?"

"ஒரு பாவமும் பண்ணலம்மா. எனக்குத் தெரியும்." நித்யா திரும்பிச் சுவரிலிருந்த எழுத்து அட்டையைப் பார்த்தாள். "ஆனா கேமராவுக்கு அந்தப் பக்கம் அந்த மனுசன் இருக்காருன்னு நெனச்சாலே எனக்குப் பாடம் நடத்த வராது. என் கூட்டாளி ஒருத்தி டொராண்டோல இருக்கா, நல்லா சொல்லிக்குடுப்பா. அவளுக்கு அது ராத்திரி ஒன்பது மணிதான், நடுச்சாமம் ஆவாது. அவகிட்ட சேத்துவிட்டுருதேன்."

அப்படியே செய்தாள். ஹம்ஸினி எழுதிய பாடங்களை எல்லாம் சேர்த்து, எந்த எழுத்தில் தடுமாறுவாள், எதைச் சொன்னால் சிரிப்பாள் என்று பக்கம் பக்கமாக எழுதி அந்த டீச்சருக்கு அனுப்பினாளாம்.

போன்கள் குறைந்தன. நிற்கவில்லை. சில மாசத்துக்கு ஒருமுறை எங்கோ ஒரு குரூப்பில் அந்தப் படம் மறுபடி தலை காட்டும்; அன்றைக்கு இரண்டு மூன்று நம்பர் கூப்பிடும். வடிவு அந்த நம்பர்களை எஸ்.ஐ.க்கு அனுப்பிவிடுவாள். பேங்க் காரியத்துக்காக சிம்மையும் மாற்ற முடியவில்லை.

கேண்டீனில் குசுகுசுப்பு இருந்தது. வடிவு வந்தால் பேச்சு நின்றுபோகும். ஒரு நாள் காலை டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, நித்யா மாற்றிப் போட்ட கார்டை முழுசாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து டோக்கன் கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாள். அஸ்ஃபியாதான் டேப் பிடித்துக் கொடுத்தாள்.

"இது எம்மவ கார்டு," என்றாள். குரல் உடைந்தது, ஆனாலும் சொல்லி முடித்தாள். "தமிழ் சொல்லிக்குடுக்கா. வெளிநாட்டுல உங்க வீட்டுப் பிள்ளைங்க இருந்தா சொல்லுங்க."

இரண்டு பேர் எழுந்து வந்து வாசித்தார்கள். ஒருத்தி போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவள் படம் எடுத்தபோது வடிவுக்கு அந்தச் சிவப்பு எழுத்து ஞாபகம் வந்தது. அவள் எதற்காக எடுத்தாள் என்று இன்றுவரை தெரியாது. வடிவு போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.